ரசீதைக் கேட்கச் சொன்ன கடிதம்

நாகேஸ்வரியை எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிடிக்கும். ஆனால் அவளோடு ஒரு நாள் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் என் மனைவி முகத்தைப் பார்த்தே கேட்பாள்: “இண்டைக்கும் நாகேஸோட கொழுவலே?” கொழுவல்தான். அவள் சமாதானமாக இருந்த நாள் ஒன்றை நினைவுபடுத்தச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும்.

மட்டக்களப்புப் பக்கத்துக்காரி. தமையன் தங்கத்துரை ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிக் கனடாவுக்கு எடுப்பித்தவர். வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு கோப்பிக்கடையில் நின்றாள். பிறகு இரவுக் கல்லூரி, அதற்குப் பிறகு வரித் திணைக்களம். கலியாணம் கட்டினாள், அந்த மனிதன் இவளுடைய வாய்க்குத் தாக்குப்பிடிக்காமல் கல்கரிக்குப் போய்விட்டான் என்று தங்கத்துரை சொல்வார். கல்கரியில் வேறொருத்தி இருந்தாள் என்பதை அவர் சொல்வதில்லை. டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். முப்பது வருடம் எங்களோடு பழகி, தமையனைப் போலவே அவளுக்கும் பேச்செல்லாம் யாழ்ப்பாணமாகிவிட்டது. கடுங்கோபம் வந்தால் மட்டும் “என்ன மனே” என்று சொந்த ஊர்ப் பேச்சு வெளியே வரும்.

எங்கள் பிரிவின் வேலை கடிதம் எழுதுவது. ஆளுக்கு ஆள் எழுதுகிற கடிதமல்ல, ஆங்கிலத்தில் அச்சுக் கடிதம். ஒரு கடிதத்தின் வாசகத்தை நாங்கள் முடிவுகட்டினால் அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகும். நான் அதற்கு முன்பு திணைக்களத்தின் தொலைபேசியில் இருந்தவன். “கடிதம் வந்திருக்கு, என்ன கேக்கிறியள்?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றியவன். சனம் எங்கே தடக்குப்படுகிறது என்று இவனுக்குத் தெரியும் என்று சொல்லி என்னை அங்கே மாற்றினார்கள். போன முதல் நாளே நாகேஸ்வரி எனக்கு உட்காரத் தந்த கதிரையை எடுத்துக்கொண்டாள். முதுகு நோகுதாம்.

எங்களுக்கு வந்தது வாடகைக் கடிதம். ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகைக்கு இருக்கிற வருமானம் குறைந்தவர்களுக்கு வரிப் பத்திரத்தினூடாக ஒரு சலுகை உண்டு. அதைக் கோரியவர்களில் சிலரைத் தெரிவுசெய்து, நீங்கள் வாடகை கட்டியதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று திணைக்களம் கேட்கும். ஆரைத் தெரிவுசெய்வது என்பது வேறு பிரிவின் வேலை, எங்களுக்குத் தெரியாது. கடிதம் மட்டும்தான் எங்களுடையது.

அந்தப் பழைய கடிதம் இருக்கிறதே, அதை எழுதியவனைக் கண்டால் நான் கன்னத்தில் ஒன்று போடுவேன். முதல் பந்தி முழுக்கச் சட்டப் பிரிவு. இரண்டாவது பந்தியில் “உங்கள் கோரிக்கையை உறுதிப்படுத்தும் ஆவணங்கள்” என்று இருக்கும், என்ன ஆவணம் என்று இருக்காது. கெடு மறுபக்கத்தில்: “இக்கடிதத் திகதியிலிருந்து முப்பது நாட்களுக்குள்.” கடிதத் திகதியோ முன்பக்க மூலையில். அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பது நடுவில் ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே அனுப்புவது என்பது அடியில், சின்ன எழுத்தில். வாசிக்கிறவன் பயந்து காசைக் கட்டிவிடுவான், அல்லது மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவான். வேறு சிலர் எல்லாக் கடதாசிகளையும் ஒரு என்வலப்பில் திணித்து, கோப்பு இலக்கம் போடாமல் அனுப்பி, யாருடையது என்று தெரியாமல் எங்கள் ஆட்களைத் தலையில் கைவைக்கச் செய்வார்கள்.

நாகேஸ்வரி எழுதிய முதல் திருத்தமும் நன்றாக இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் விளங்கப்படுத்துகிறேன் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டாள். எங்கள் மனேஜர் மாக்கஸ் அதை வாசித்துவிட்டு, “நாகேஸ், இது கடிதமா, பிரசங்கமா?” என்று கேட்டார். அவள் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அடுத்த நாள் ஒரு பக்கத்தோடு வந்தாள்.

அந்த ஒரு பக்கம் இப்படித் தொடங்கியது: “நீங்கள் வாடகை கட்டியதற்கான ஆதாரம் எங்களுக்கு வேண்டும். இது பில் அல்ல. இப்போது காசு எதுவும் அனுப்ப வேண்டாம்.” அதற்குக் கீழே கெடு. முப்பது நாள் என்று எண்ண விடாமல், மாதமும் நாளும் வருடமும் போட்ட நேர்த் திகதி. பிறகு என்ன அனுப்புவது: ரசீது, அல்லது வீட்டு முகவரியும் எந்த மாதங்களுக்கு எவ்வளவு கட்டியது என்பதும் இருக்கிற, வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம். அதன் பிறகு எப்படி அனுப்புவது: இணையக் கணக்கில் கோப்பு இலக்கத்தைப் போட்டு ஏற்றலாம், தபாலிலோ ஃபக்ஸிலோ என்றால் இந்தப் பக்கத்தின் பிரதியை மேலே வைக்கவும். ஆதாரம் சேர்க்க நாள் காணாவிட்டால் அந்தத் திகதிக்கு முதல் தொலைபேசி எடுங்கள். ஒன்றும் அனுப்பாவிட்டால் சலுகையை மறுப்போம், ஏற்கெனவே தந்ததைத் திருப்பிக் கேட்போம். அவ்வளவுதான். நான் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவளுக்கு அதுதான் பாராட்டு.

அதன் பிறகு ஆட்களை வைத்துச் சோதித்தோம். ஸ்காபரோவில் ஒரு நூலக அறை. வெளியே ஒரு நிறுவனம் ஆட்களைச் சேர்த்துத் தந்தது. இந்தச் சோதனையில் “விளங்குகிறதா?” என்று கேட்கக் கூடாது. எங்கள் சனத்திடம் அப்படிக் கேட்டால் தலையாட்டி “ஓம், ஓம்” என்பார்கள். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் ஓம்தான். “இப்ப நீங்கள் என்ன செய்வீர்கள்? எந்தத் திகதிக்குள்? அது எங்கே இருக்கிறது, விரலால் காட்டுங்கள்” என்றுதான் கேட்க வேண்டும். நாகேஸ்வரி கேட்டாள், நான் குறித்தேன்.

நான்கைந்து பேருக்குப் பிறகு ஒரு தமிழ் அம்மா வந்தார். வீடொன்றின் அடித்தளத்தில், பேஸ்மென்ற்றில், இருக்கிறவர். கடிதத்தை மெதுவாக, வரிவரியாக வாசித்தார். திகதியைச் சரியாகக் காட்டினார். நாகேஸ்வரி சந்தோசத்தில் பேனாவைச் சுழற்றிக்கொண்டு, “அப்ப முதல் என்ன செய்வியள், அன்ரி?” என்று கேட்டாள்.

“வீட்டுக்கார அண்ணையிட்டைக் குடுப்பன்.”

“ரசீது கேக்கவோ?”

“இல்லை, வாசிக்க. எங்கட கடிதமெல்லாம் அவர்தான் வாசிச்சுச் சொல்லுறவர். தபால் பெட்டியும் மேலதானே இருக்கு.”

“போன முறையும் இப்பிடி ஒரு கடிதம் வந்ததோ?”

“வந்தது. உது சும்மா அறிவித்தல், எறி எண்டவர். எறிஞ்சிட்டன். பிறகு சலுகை நிண்டுபோச்சு. என்னெண்டு தெரியேல்லை.”

நாகேஸ்வரியின் பேனா நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாடகைக் கடிதத்தை வாடகை வாங்குகிறவனே வாசித்துக் காட்டுகிறான். கையில் காசாக வாங்கி, வரிப் பத்திரத்தில் காட்டாமல் வைத்திருக்கிறவன், ரசீது கொடு என்று கேட்கிற கடிதத்துக்கு என்ன அர்த்தம் சொல்லுவான்? எங்கள் சனத்துக்குள் மட்டும் நடக்கிற கோளாறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எங்கள் சனத்துக்குள் இது உதவி என்ற பெயரில் நடக்கிறது. ஆங்கிலம் தெரிந்த அண்ணை, பாவம், எல்லாருக்கும் கடிதம் வாசித்துக் கொடுக்கிறார். நன்றி அண்ணை.

அன்றைக்கு பஸ் தரிப்பில் அவள் சொன்னாள். “எங்கட அண்ணனும் கீழ இருக்கிறவைக்குக் கடிதம் வாசிச்சுக் குடுக்கிறவர். நான் அதைப் பெரிய தர்மமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

தங்கத்துரையை எனக்கும் பழக்கம், கோயில் சபையில் ஒன்றாக இருந்தோம். பிறம்ரனில் பாரமேற்றுகிற ரக் ஓடினவர். சொந்தமாகத் தொடங்கிய வியாபாரம் படுத்ததில் அவருடைய பெயர் பாங்கில் கெட்டுப்போயிருந்தது. மல்வேர்னில் ரவுன்ஹவுஸ், அதாவது வரிசை வீடு, ஒன்று வாங்கப் போனபோது பாங்க் முகத்தைத் திருப்பிவிட்டது. “நாகேஸ், உனக்கு அரசாங்க உத்தியோகம். கடதாசிக்குப் பேரைத் தா” என்று கேட்டார். தன்னைக் கனடாவுக்கு எடுப்பித்த தமையன் கேட்கிறார், இவள் எப்படி மறுப்பாள்? கொடுத்தாள். எங்களுக்குள் இது ஊருக்கு ஊர் நடக்கிறதுதான். வீட்டுக் காசு கட்டுவது அவர், இருப்பது அவர், பேஸ்மென்ற் வாடகையை வாங்குவது அவர். வீட்டுப் பத்திரமான உறுதியில் பெயர் மட்டும் இவளுடையது.

“அவர் அந்த வாடகையை வரியில காட்டுறவரோ?” என்று கேட்டேன்.

“இல்லை. போன வருசம் கேட்டனான். சிரிச்சவர்.”

“அப்ப உன்ர பேரில இருக்கிற வீட்டில வாடகை மறைக்கினம். நீ வேலை செய்யிறது வரித் திணைக்களம். வேலை போகும், நாகேஸ்.”

“எனக்குத் தெரியாதே, அண்ணை? உதை நீங்கள் வந்து சொல்லவேணுமே?” என்று என்மேல் பாய்ந்தாள். அப்படித்தான் அவள். நெருப்பு தன் தலையில் எரியும்போது பக்கத்தில் நிற்பவனைத்தான் அடிப்பாள்.

மறுநாள் திருத்தத்தில் இரண்டு வரி கூடியிருந்தது. ஒன்று: “இந்தக் கடிதம் உங்களுக்கானது. இதை நீங்களே வாசித்துப் பதில் அனுப்பலாம்.” மற்றது: “வாடகைக்காரர் கேட்டால் வீட்டுக்காரர் ரசீது கொடுக்க வேண்டும். அதற்குக் காசு வாங்க முடியாது. கொடுக்க மறுத்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், எங்களை அழையுங்கள்.”

இரண்டாவது வரிக்குத்தான் சண்டை. மாக்கஸுக்கு முதலில் தொலைபேசிக் கவலை. “அழையுங்கள் என்றால் எல்லாரும் அழைப்பார்கள். யார் எடுப்பது?” என்றார்.

“கடிதம் விளங்காமல் இப்போதும் அழைக்கிறார்கள்தானே. அப்போது மட்டும் யார் எடுக்கிறது, உங்கள் மாமியாரா?” என்றாள் நாகேஸ்வரி. மனேஜரிடம்! நான் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டேன்.

சட்டப் பகுதியிலிருந்து கரோலின் வந்திருந்தார். அமைதியான மனிசி. ரசீதைப் பற்றிய சட்டம் மாகாணத்தின் வாடகைச் சட்டம், நாங்கள் நடத்துவது வரிச் சட்டம், இன்னொருவருடைய சட்டத்தில் நாங்கள் ஆலோசனை சொல்லக் கூடாது என்றார். வீட்டுக்காரரோடு ஒரே சமையல் குசினியையோ குளியலறையையோ பாவிக்கிறவர்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது, எல்லாருக்கும் பொருந்தும் என்று எழுதினால் பொய்யாகிவிடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. எடுத்துவிடுவோம் என்று மாக்கஸ் சொன்னார்.

அந்த இடத்தில் நாகேஸ்வரி வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வரியை வெட்டியது கரோலின், ஒப்புக்கொண்டது மாக்கஸ். இவள்மேல் ஒரு பழியும் இல்லை. தமையனும் தப்புவார், வேலையும் தப்பும். முதல்நாளே நான் அதைத்தான் சொல்லியிருந்தேன்: “அவையே வெட்டட்டும், நீ விட்டிடு.” இன்றைக்கும் கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அவள் விடவில்லை. மூன்று கூட்டத்தில் கத்தினாள். ஒரு கூட்டத்திலிருந்து வெளியே போகச் சொன்னார்கள், போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். கடைசியில் கரோலினே அலுத்துப்போய், “‘பெரும்பாலான வாடகை வீடுகளில்’ என்று போடுங்கள், மாகாணத்து வாடகைச் சபையின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள், அப்படியென்றால் அது ஆலோசனை இல்லை, தகவல்” என்றார். நாகேஸ்வரி அங்கேயே எழுதிக் காட்டினாள். வரி நின்றது.

“உன்ர வீட்டு விசயத்தை மாக்கஸிட்டை முதலே சொல்லியிருக்க வேணுமெல்லே?” என்று அன்று அவளிடம் கேட்டேன். சொந்த விவகாரம் வேலையோடு முட்டினால் அறிவிக்க வேண்டும், அதுதான் விதி.

“சொன்னால் என்னை இந்தக் கடிதத்தில இருந்து தூக்கிப்போடுவினம். நான் இல்லாட்டி அந்த வரிக்கு ஆர் கத்துறது? நீங்களோ?”

நான் கத்தமாட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடிதத்தைப் பாதிப் பேருக்குப் பழைய வடிவிலும் பாதிப் பேருக்குப் புதிய வடிவிலும் அனுப்பிப் பார்த்தார்கள். புதியது கிடைத்தவர்களில் கூடுதலானவர்கள் கெடுவுக்குள் சரியான கடதாசிகளை அனுப்பினார்கள். மாக்கஸ் பயந்த தொலைபேசி அழைப்புகள் கூடவில்லை, குறைந்தன. வந்த அழைப்புகளில் சில வீட்டுக்காரர்களுடையவை, நல்ல தூசணத்தோடு. அடுத்த வருடம் எல்லாருக்கும் புதிய கடிதமே போனது. மாக்கஸ் கேக் வாங்கி வந்தார். நாகேஸ்வரி அதைத் தொடவில்லை.

தங்கத்துரையின் மனைவிக்கு அறுபது வயது நிறைந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மல்வேர்ன் வீட்டில் சாப்பாடு என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இறால் பொரியல், ஆட்டுக்கறி, வீடு முழுக்கச் சனம். நாகேஸ்வரி அண்ணிக்குச் சேலை கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேஸ்மென்ற் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் மேலே வந்தாள். பெயர் புனிதவதி. ஒரு பொருள் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. அவள் கையில் இருந்த கடிதத்தை நான் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். நாகேஸ்வரியும் கண்டாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அண்ணை, குறை நினையாதையுங்கோ. திங்கள் முழுக்க எனக்கு வேலை. இண்டைக்கு ரசீது எழுதித் தந்தால் அனுப்பிப்போடுவன்” என்றாள் புனிதவதி.

தங்கத்துரை கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உது எல்லாருக்கும் அனுப்புறது, பிள்ளை. சும்மா அறிவித்தல். எறிஞ்சிட்டுப் போய்ச் சாப்பிடு.”

“இல்லை அண்ணை. நான் வாசிச்சனான். திகதி போட்டிருக்கு. அனுப்பாட்டி சலுகையை நிப்பாட்டித் தந்ததையும் திருப்பிக் கேப்பினம்.”

“உனக்கு எப்ப இங்கிலீஸ் வந்தது?”

“இது விளங்குற இங்கிலீஸ்தானே, அண்ணை. கேட்டால் வீட்டுக்காரர் தரவேணுமெண்டும் இருக்கு.”

தங்கத்துரையின் முகம் கறுத்தது. “ஓகோ. சட்டம் கதைக்க வந்திட்டாய். என்ர வீட்டில இருந்துகொண்டு எனக்குச் சட்டம் படிப்பிக்கிறாய். மாத முடிவில வீட்டைக் காலி பண்ணு. உன்னைப் போல பத்துப் பேர் இருக்க நிக்கினம்.” பிறகு கடிதத்தை உயர்த்திக் காட்டி எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: “எவன் கண்டறியாதவன் உதை எழுதினவன்? இருக்கிற குடும்பங்களைக் கெடுக்க.”

“நான்தான் எழுதினனான்” என்றாள் நாகேஸ்வரி.

அண்ணியார் “ஐயோ நாகேஸ்” என்றார். தங்கத்துரை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தொடங்கினார். அதை எல்லாம் எழுத எனக்கு மனம் வராது. கட்டின காசு, எடுப்பித்த கதை, கோப்பிக்கடைக்குக் காரில் ஏற்றி இறக்கியது, புருசன் விட்டுப்போனபோது சாப்பாடு போட்டது, எல்லாம் சபையில் வந்தது. “தமையனுக்குக் குழி வெட்டுறதுக்கே உன்னைக் கூப்பிட்டனான்? முதலே ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லே?”

“சொல்லேலாது, அண்ணன். ஒஃபிஸ் விசயத்தை வெளியில சொன்னால் அது களவு.”

“அப்ப இது என்ன? புண்ணியமோ? சரி. வீடு ஆற்ற பேரில? உன்ர பேரிலதானே? நீயே ரசீதை எழுது. எழுதிக் கையெழுத்தை வை. நாளைக்கு உன்ர ஒஃபிஸில காட்டட்டும், உன்ர வேலை இருக்குதோ பாப்பம். வையடி கையெழுத்தை.”

அவள் வைக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். நானும் வைக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாகேஸ்வரி எழும்பினாள். கையைக் கழுவித் துடைத்தாள். கைப்பையிலிருந்து பேனா எடுத்து, சேலை வந்த பெட்டிக்குள் இருந்த வெள்ளைத் தாளை உருவி, மேசையில் கறிச்சட்டிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

“எந்த மாதத்தில இருந்து இருக்கிறியள்? மாதம் எவ்வளவு குடுக்கிறியள்?” என்று புனிதவதியிடம் கேட்டாள். அவள் சொன்னாள். நாகேஸ்வரி தமையனைப் பார்த்தாள். “பிழையெண்டால் இப்ப சொல்லுங்கோ, அண்ணன்.” அவர் சொல்லவில்லை. அவள் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு எல்லாருக்கும் கேட்கத் தமிழில் வாசித்தாள்.

“இந்த முகவரியில் உள்ள வீட்டின் உறுதியில் உரிமையாளராக இருப்பது நான், நாகேஸ்வரி. புனிதவதி இங்கே வாடகைக்கு இருக்கிறார். மேலே சொன்ன மாதங்களுக்குச் சொன்ன தொகையை அவர் காசாகக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கியவர் என் சகோதரர் தங்கத்துரை. நான் வாங்கவில்லை.” கையெழுத்து. தொலைபேசி இலக்கம்.

“என்ர பேரை ஏன் எழுதினனி?” என்றார் தங்கத்துரை.

“வாங்கினது நீங்கள்தானே. வாங்காத காசுக்கு நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?” தாளைப் புனிதவதியிடம் கொடுத்தாள். “என்னட்டைத் தரக் கூடாது, தங்கச்சி. நான் உங்கட கோப்பைத் தொடேலாது. கடிதத்தில இருக்கிற இடத்துக்கு முன்பக்கப் பிரதியோட அனுப்புங்கோ. மற்றது, ரசீது கேட்டதுக்காக உங்களை வீட்டால எழுப்பேலாது. எழுப்பினால் அந்த வாடகைச் சபை இலக்கத்துக்கு அடியுங்கோ.”

“நீ வெளியில போ. இனி இந்த வாசல் மிதியாதை. நான் செத்தாலும் வராதை” என்றார் தங்கத்துரை.

“என்ன மனே கதைக்கிறாய்” என்றாள். முப்பது வருடத்தில் அவள் தமையனை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். யாரும் பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை. என் மனைவி எனக்கு முன்னால் ஒரு கிண்ணம் பாயாசத்தை வைத்தாள். நான் அதைக் குடித்தேன்.

திங்கள் காலை நாகேஸ்வரி மாக்கஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டையும் வாடகையையும் கையெழுத்தையும், கடிதம் எழுதும்போதே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். வெளியே வந்தபோது மாக்கஸின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது. விசாரணை முடியும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். கணினியைத் திருப்பிக் கொடுத்தாள். என் கதிரையை என் மேசைக்கு உருட்டிவிட்டு, “முதுகைப் பாருங்கோ, அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதங்கள் போயின. விசாரணை முடியவில்லை. அவள் திரும்பவும் ஒரு கோப்பிக்கடையில் நிற்கிறாள். கடிதம் போய்க்கொண்டே இருக்கிறது, அந்த வரியோடு. புனிதவதி அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள் என்று கேள்வி. வாடகையைக் காசோலையில் கொடுக்கிறாளாம்.

போன கிழமை தங்கத்துரை எனக்கு அழைத்தார். கோயில் விசயம் என்று நினைத்து எடுத்தேன்.

“ராசரட்ணம், ஒரு கடிதம் வந்திருக்கு. உங்கட ஆக்களிட்டை இருந்து.”

“அண்ணை, நான் அங்க வேலை செய்யிறவன். என்னோட உதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. கணக்காளர் ஆரிட்டையும் காட்டுங்கோ.”

அவர் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். வாடகை வருமானம் எவ்வளவு என்பதற்கு விபரம் வேண்டும். இது பில் அல்ல. எந்தத் திகதிக்குள் வேண்டும், என்ன அனுப்ப வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், நாள் காணாவிட்டால் யாரை அழைப்பது, அனுப்பாவிட்டால் என்ன நடக்கும். வரிவரியாக, ஓரிடத்திலும் தடக்குப்படாமல், கடைசி வரைக்கும் வாசித்தார்.

“இதையும் அவளே எழுதினது?” என்று கேட்டார்.

“ஓம், அண்ணை. எங்கட கடிதமெல்லாம் அவள் எழுதினதுதான்.”

கடிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

“எல்லாம் விளங்குது, ராசரட்ணம்” என்றார். “ஒரு சொல்லாவது விளங்காமல் இருந்தால், அவளுக்கு ஃபோன் அடிச்சுக் கேக்கலாமெண்டு பாத்தன்.”